கழற்றி மாட்டும் வைத்தியம்

மலாக்காவின் தெங்கேரா பகுதியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். நெட்வொர்க் வேலை செய்யவில்லை என்று யார் வந்தாலும், அடாப்டரைக் கழற்று, டிசிபி/ஐபியைக் கழற்று, கம்ப்யூட்டரை அணைத்துப் போடு, சிடியைச் செருகி எல்லாவற்றையும் திரும்ப மாட்டு. கழற்றுவது என்றால் ஸ்குரூ டிரைவரால் அல்ல. கண்ட்ரோல் பேனலுக்குப் போய் அந்த நெட்வொர்க் மென்பொருள்களின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்' என்பதை அழுத்துவதுதான். ஆனால் பெட்டி முன்னால் உட்கார்ந்து கொண்டு முகத்தைச் சுளித்தபடி செய்தால் பெரிய ஆபரேஷன் மாதிரியே இருக்கும்.

எங்கள் முதலாளி இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். "அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டா அவனுக்கு அது வேலையாவே தெரியாது லா. அரை நாள் உக்காந்து கழட்டி மாட்டுனாத்தான் மரியாத" என்பார். வந்தவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு விளக்கெண்ணெய் குடிக்க வைத்து வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். உள்ளே இருப்பது எல்லாம் வெளியே போனால்தான் உடம்பு சுத்தம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஊறிப்போயிருந்தது.

நான் அந்த வைத்தியத்தில் கைதேர்ந்தவள். இருபத்து நான்கு வயது, கடையில் ஒரே பெண் டெக்னிஷியன், வாயும் கொஞ்சம் நீளம். என்னை நம்பாத ஆண்களை வாயடைக்க வைப்பதற்காகவே வேகமாக கிளிக் செய்யப் பழகியிருந்தேன். திரையில் வருவதைப் படிப்பதற்கு முன்பே பட்டனை அழுத்தினால்தான் எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதற்குப் பெயர் திறமை என்று நானும் நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை காலை ஜாசின் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான்கு கம்ப்யூட்டர்கள், ஒன்றோடு ஒன்று பேசவில்லை. பிரிண்டரும் போகவில்லை. ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அப்டேட் சிடி வந்ததாம், அதைப் போட்டதிலிருந்து இப்படியாம். முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்டேட்டு ஸ்டாக்க கெடுத்துருச்சு. நாலையும் கழட்டி மாட்டிட்டு வா" என்றார். நெட்வொர்க்குக்காக ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் மென்பொருள்களைத்தான் ஸ்டாக் என்போம். நோயாளியைப் பார்க்காமலே நோய் என்னவென்று சொல்லும் திறமை அவருக்கு இருந்தது. சொல்லிவிட்டு யாரோ கஸ்டமரோடு மீன் சாப்பிடக் கடலோரத்து உம்பாய்க்குக் கிளம்பிவிட்டார்.

நான் கடை வேனை எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் பெரிய கிராணி நின்றிருந்தார். எஸ்டேட்டில் தலைமைக் குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வோம். முப்பது வருட சர்வீஸ், சட்டைப் பையில் மூன்று பேனா. என்னைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"டெக்னிஷியன் எங்கம்மா?"

"நான்தாங்க ஐயா."

"ஓ" என்றார். அந்த ஓவில் அவருடைய முப்பது வருட சர்வீஸும் இருந்தது.

உள்ளே எஸ்டேட் மேனேஜர் இருந்தார். வெளியே தொழிலாளர்களுக்கு அவர் தொரை, ஆபீஸுக்குள் சார். சுவரோரமாக நான்கு மேசைகளில் நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். சனிக்கிழமை பிற்பகல் பூஜை நடந்திருக்கிறது. டிராக்டருக்கும் லாரிக்கும் வைத்தது போலவே இவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். மேனேஜர் மேசைக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு.

கடைசிக்கு முந்தின மேசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். ஒன்பது மாதமாகத் தற்காலிகக் குமாஸ்தா. அப்பா எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர், இதே எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் வீடு. மாலை பஸ் பிடித்து மலாக்கா டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தவள். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, அவளைக் குற்றவாளியாக அறிமுகப்படுத்தும்போது பெரிய கிராணிதான் சொன்னார்.

"இந்தப் பிள்ளதாம்மா சிடிய போட்டுச்சு. நாலு கம்ப்யூட்டர்லயும் போட்டுச்சு. படிச்சிருக்கேன் படிச்சிருக்கேன்னு எல்லாத்தையும் தொட்டுப்புடும்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இந்த வாரம் இவளுக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் போகணும். இப்படி ஒரு டேமேஜ் பண்ணவள எப்படி கன்ஃபர்ம் பண்றது? உங்க ரிப்போர்ட்ட பாத்துட்டுதான் முடிவு பண்ணுவேன்."

அதாவது, என் கையெழுத்தில் நிரந்தர வேலையா, இல்லை விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபேக்டரி பஸ்ஸா என்பது முடிவாகும். எனக்கு அந்த ஃபேக்டரி பஸ் தெரியும். இரண்டு வருடம் அதில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

அந்தப் பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா, ஹெட் ஆபீஸ் லெட்டர்ல சொன்ன மாதிரிதான் போட்டேன். சனிக்கிழம காலையில போட்டு முடிச்சு, ரீஸ்டார்ட் பண்ணி, இங்கேருந்து கிராணி ஐயா பிரிண்டருக்கு பிரிண்ட்டு கூட குடுத்தேன். வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் வேலை செய்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த ஒரே சாட்சி சொல்கிறாள். சனிக்கிழமை காலையில் நன்றாக இருந்தது திங்கட்கிழமை கெட்டிருக்கிறது என்றால், நடுவில் என்ன நடந்தது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மேனேஜரும் கிராணியும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தைக் காட்ட வேண்டிய நேரம் அது. "சரி, ஸ்டாக் கெட்டுருச்சு. கழட்டி மாட்டணும்" என்று முதலாளி குரலிலேயே சொல்லிவிட்டு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ரிமூவ், ரிமூவ், ரீஸ்டார்ட். கடையிலிருந்து கொண்டுவந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் சிடியைச் செருகினேன். அடாப்டரைத் திரும்ப மாட்டினேன், டிசிபி/ஐபியையும் மாட்டினேன். ஃபைல்கள் ஏறும்போது நடுவில் ஒரு கேள்வி வந்தது. சிடியில் இருக்கும் ஃபைல் பழையது, கம்ப்யூட்டரில் இருப்பது புதியது, இருப்பதையே வைத்துக்கொள்வது நல்லது, வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. கடை வழக்கப்படி நான் 'நோ டு ஆல்' அழுத்தினேன். சிடியில் இருப்பது ஒரிஜினல், ஒரிஜினல்தான் நல்லது என்பது முதலாளி சித்தாந்தம். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "என்னம்மா?" என்றேன். நான் கேட்ட விதத்திலேயே அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்து ஐபி நம்பர், அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி, கேட்டது. கழற்றும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது. நான் குறித்து வைக்கவில்லை. அந்த ஆபீஸில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்பரைக் கையால் அடித்து வைத்திருந்தார்கள், தானாகக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. "நம்பர் என்ன?" என்று அறையைப் பார்த்துக் கேட்டேன். மேனேஜர் கிராணியைப் பார்த்தார். கிராணி மேலே ஃபேனைப் பார்த்தார். அந்தப் பெண் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நாள்காட்டித் தாளை எடுத்து நீட்டினாள். பின்பக்கத்தில் நான்கு கம்ப்யூட்டர்களின் நம்பர்களையும் அழகாக எழுதி வைத்திருந்தாள். ராகுகாலத்துக்குப் பின்பக்கம் ஐபி நம்பர். நன்றி என்றுகூட நான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனது. வேலை செய்யவில்லை. முன்பு தன் பெயரையாவது நெட்வொர்க்கில் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கடைசியில், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து பிங் அடித்தேன், 127.0.0.1. அது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்க்கும் நம்பர். அதற்குப் பதில் வந்தால் உள்ளே இருக்கும் ஸ்டாக் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கேபிளைப் பிடுங்கி வீசினாலும் அந்தப் பதில் வரும். வரவில்லை. சாக்கெட்டையே தொடங்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. மென்பொருள்கள் நெட்வொர்க்கோடு பேசுவதற்கு உள்ள வாசல்தான் சாக்கெட், அந்த வாசலே திறக்கவில்லை.

"பாத்தீங்களா? சிடி அடியோட கெடுத்துருக்கு" என்றார் கிராணி. அவர் குரலில் திருப்தி தெரிந்தது.

நான் எழுந்து அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனேன். அது ஸ்டோர் மேசைக் கம்ப்யூட்டர். அதில் நான் இன்னும் கை வைக்கவில்லை. 127.0.0.1 அடித்தேன். நான்கு வரி பதில் உடனே வந்தது. அதன் சொந்த நம்பரை அடித்தேன், அதற்கும் வந்தது. பக்கத்து நம்பரை அடித்தேன். பதில் இல்லை, நேரம் முடிந்தது என்றது. மேனேஜர் கம்ப்யூட்டரிலும் அப்படியே. கிராணி கம்ப்யூட்டரிலும் அப்படியே. மூன்றிலும் அதே அப்டேட் ஏறியிருக்கிறது, மூன்றிலும் ஸ்டாக் நன்றாக இருக்கிறது. அப்டேட் எதையும் கெடுக்கவில்லை. கெட்ட ஸ்டாக் ஒன்றே ஒன்றுதான், அது நான் கழற்றி மாட்டியது.

அப்டேட் புதிய சாக்கெட் ஃபைல்களை வைத்திருக்கிறது. நான் 'நோ டு ஆல்' அழுத்தி அவற்றின் மேல் சிடியின் பழைய ஃபைல்களைக் கொட்டியிருக்கிறேன். பாதி பழையது, பாதி புதியது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்த நிமிடம் நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. பின்னால் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டு நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள்.

நான் சொல்லவில்லை. அப்போது சொல்லவில்லை. "வயர்ல ஏதோ இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தேன்.

அந்தக் காலத்து நெட்வொர்க் ஒரே கறுப்புக் கேபிளில் ஓடியது. டிவி ஏரியல் வயர் போன்ற கேபிள், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஒரு டி வடிவ இணைப்பு, அடுத்ததற்குப் போகும். வரிசையின் இரண்டு முனைகளிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு உலோக மூடி இருக்க வேண்டும். அதற்கு டெர்மினேட்டர் என்று பெயர். உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது இல்லாவிட்டால் சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஒரு மூடி போனால் மொத்த வரிசையும் படுத்துவிடும்.

மேனேஜர் பக்கத்து முனையில் மூடி இருந்தது. மறுமுனை கிராணி மேசையில். அங்கே டி இணைப்பு ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"ஐயா, இங்க சின்னதா ஒரு மூடி இருந்திச்சே?"

"அதுவா? அது சும்மா ஒரு மூடிம்மா. வயரு எதுவும் வரல, ஒண்ணும் வரல. புதுக் குழாய் வாயில ஒரு பிளாஸ்டிக் வருமே, அந்த மாதிரி. பூஜைக்கு தொடைக்கிறப்ப கழட்டுனேன்."

"எங்க வச்சீங்க?"

அவர் சுவரில் இருந்த சரஸ்வதி படத்தைக் காட்டினார். கீழே பலகையில் ஒரு பாராங் கத்தி, ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்டேப்ளர், செக்ரோல் என்ற பழைய வருகைப் பதிவுப் புத்தகம். அவற்றுக்கு நடுவில், சந்தனம் பூசி, உச்சியில் குங்குமத்தோடு, டெர்மினேட்டர். வைத்ததைப் பூஜை முடியும் முன் எடுக்கக் கூடாது என்று விட்டிருக்கிறார், பிறகு மறந்துபோயிருக்கிறார். இவ்வளவு மரியாதை கிடைத்த டெர்மினேட்டரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சந்தனத்தைத் துடைத்து மாட்டினேன். மூன்று கம்ப்யூட்டர்களும் அந்தக் கணமே பேச ஆரம்பித்தன. ஸ்டோரிலிருந்து கொடுத்த பிரிண்ட் கிராணி மேசையில் வந்து விழுந்தது. கிராணி அதை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தார், தானே சரிசெய்தது போல.

மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் பேசாத கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அப்ப மூணும் ஓகே. இவளோடது மட்டும் செத்துப் போச்சு. அப்ப இவ ஏதோ பண்ணிருக்கா."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த நாள்காட்டித் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளி அறைக்குப் போய் அங்கிருந்த ஆபீஸ் போனில் முதலாளியின் ஹேண்ட்போனைப் பிடித்தேன். பின்னணியில் தட்டுச் சத்தம். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"அத ஏன் சொல்லப் போற? ரிப்போர்ட்ல 'அப்டேட் கரப்ட்'னு எழுது. யாரு மேலயும் பழி இல்ல. கஸ்டமர் சந்தோசம், நம்மளும் சந்தோசம்."

"அப்டேட் போட்டது இந்தப் பிள்ள பாஸ். பழி அது மேலதான் விழும்."

"அது அவங்க ஆபீஸ் பிரச்சன லா. மீன் ஆறுது."

ரிசீவரை வைத்தேன். முதலில் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். இப்போது கழற்றி மாட்டுவது நியாயம், ஏனென்றால் தன்னைத்தானே கூப்பிட்டால்கூடப் பதில் இல்லை. நோய் உள்ளேதான் என்று பரிசோதனை சொல்லிவிட்டது. ஆனால் இந்த முறை அவசரப்படவில்லை. அப்டேட் போடும்போதே பழைய சாக்கெட் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்திருந்தது, கூடவே அவற்றைத் திரும்ப வைக்கும் கட்டளைகள் கொண்ட ஒரு சின்ன பேட்ச் ஃபைலும். அதை ஓட்டி முழுவதும் பழைய நிலைக்குக் கொண்டு வந்தேன். பிறகு அடாப்டரையும் டிசிபி/ஐபியையும் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, சிடியிலிருந்து மாட்டி, நாள்காட்டித் தாளை வாங்கி நம்பரை அடித்தேன். அதற்கு மேலே ஹெட் ஆபீஸ் அப்டேட்டை, லெட்டரில் சொன்ன வரிசையில், மறுபடியும் போட்டேன். ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகப் படித்த பிறகே பட்டனை அழுத்தினேன். அவ்வளவு மெதுவாக நான் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. 127.0.0.1 அடித்தேன். நான்கு வரி வந்தது.

அப்புறம் ரிப்போர்ட். கடை ஃபாரத்தில் 'காரணம்' என்று ஒரு வரி இருக்கும், பேனா அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு வீரம் ஒன்றும் பொங்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. எழுதினேன்: நெட்வொர்க் முனையில் டெர்மினேட்டர் கழற்றப்பட்டிருந்தது. அப்டேட்டில் குறை இல்லை, சரியாகவே போடப்பட்டிருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் ஸ்டாக் கெட்டது டெக்னிஷியன் பரிசோதிக்காமல் ரீசெட் செய்ததால். கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "டெக்னிஷியன்னா யாரு?"

"நான்தான் சார்."

அவர் கிராணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். திட்டுவதற்கு ஆள் தேடி நின்றவருக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிடைத்ததும் யாரையும் திட்டத் தோன்றவில்லை போலும். "சரி, லெட்டர் டைப் பண்ணச் சொல்லுங்க" என்றார் கிராணியிடம். கிராணி, "ஆயுத பூஜைக்கு தொடைக்கிறது தப்பா சார்?" என்று கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார், "டைப் பண்ண வேண்டியது இந்தப் பிள்ளதானே சார். வேற யாருக்கும் டைப்பிங் தெரியாதே." அவளுடைய நிரந்தர வேலைக் கடிதத்தை அவளே டைப் செய்தாள்.

எனக்குக் கிடைத்தது வேறு. அந்த வார முடிவில் முதலாளி என்னைக் கவுண்டருக்கு மாற்றினார். நான்கு மாதம் பிரிண்டர் ரிப்பனும் மவுஸ் பேடும் விற்றேன். அவர் சொன்ன காரணம், வெளியூர் வேலை பெண்களுக்குச் சிரமம் என்பது.

அன்று கிளம்பும்போது அந்தப் பெண் வேன் வரை வந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைக்க விரும்பவில்லை. என் வேலையைப் பணயம் வைத்து இவள் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன், நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லட்டுமே என்று இருந்தது. அவள் வேன் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்க நோ டு ஆல் அழுத்துனத நான் பாத்தேன். அதுல என்னா எழுதியிருக்குன்னும் படிச்சேன். இருக்கறதயே வச்சிக்கிறது நல்லதுன்னு போட்டிருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன். நீங்க கேட்ட கேள்வியில பயந்துட்டேன்."

"அப்புறம் சார் உன்னப் பழி சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "காலையிலேருந்து நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல. நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்க்கா. காலையில நான் போன் பண்ணப்ப, பொம்பள டெக்னிஷியன் வர்றாங்கன்னு உங்க கடையில சொன்னாங்க, எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு."

நான் சாவியைத் திருப்பினேன். வேன் இரண்டாவது முறைதான் ஸ்டார்ட் ஆனது. அவள் கையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டாள். தெங்கேரா வரை ரேடியோ போடாமல் ஓட்டினேன்.